7-இன் 77-ஆம் அடுக்குக்கு 15 வரவில்லையா? விடையை வைத்தே பிழையைப் பிடிக்கும் வழி

அடுக்கை இரும எண்ணாக எழுதி, வர்க்கப்படுத்திக்கொண்டே போய் மீதி காணும் நிரல் பத்து வரிகூட இருக்காது. ஆனாலும் அந்தப் பத்து வரியில் தப்பு செய்ய நிறைய வழி இருக்கிறது. தப்பான விடை வந்ததும் வரிக்கு வரி முறைத்துப் பார்ப்பது பெரும்பாலும் பயன் தராது, ஏனென்றால் தப்பான வரியும் பார்வைக்குச் சரியானது போலவே இருக்கும். நான் வேறு மாதிரி தேடுவேன். இந்த நிரல் தரும் தப்பு விடை எதுவும் அநேகமாக இன்னொரு அடுக்குக்கான சரியான விடைதான். அந்த அடுக்கு எது என்று தெரிந்துவிட்டால் பிழை எந்த வரியில் என்பதும் கிட்டத்தட்ட தெரிந்துவிடும். அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் பெருக்கல்களை எண்ணிப் பார்ப்பேன்.

இதற்கு ஒரு நல்ல சோதனைக் கணக்கு வேண்டும். நான் எப்போதும் வைத்துக்கொள்வது 7-இன் 77-ஆம் அடுக்கை 101-ஆல் வகுத்த மீதி. விடை 15.

இந்த மூன்று எண்களையும் காரணத்தோடுதான் எடுத்தேன். 101 பகா எண். 7-இன் அடுக்குகளை 0-இலிருந்து 99 வரை எடுத்து 101-ஆல் வகுத்தால் நூறு மீதிகளும் வெவ்வேறாக இருக்கும், எதுவும் திரும்ப வராது. ஆகவே ஒரு தப்பு விடை கிடைத்தால் அது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று நூறின் மடங்கு வித்தியாசத்துக்குள் ஒரே பதில்தான் இருக்க முடியும். அப்புறம் 77-இன் இரும வடிவம் 1001101. அதைத் திருப்பி எழுதினால் 1011001, அதாவது 89. நேராகவும் திருப்பியும் ஒன்றாக இருக்கும் எண்ணை, உதாரணமாக 73-ஐ (1001001), சோதனைக்கு எடுத்தால் பிட்டுகளைத் தலைகீழாகப் படித்த நிரலும் சரியான விடை தந்து நம்மை ஏமாற்றிவிடும்.

முதலில் சரியான நிரல்:

```python
def power(a, n, m):
    r = 1 % m
    a = a % m
    while n > 0:
        if n & 1:
            r = r * a % m
        a = a * a % m
        n >>= 1
    return r
```

இது கடைசி பிட்டிலிருந்து தொடங்கி, வலமிருந்து இடமாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் என்ன இருக்கிறது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். `er` என்பது `r`-க்குள் இருப்பது 7-இன் எத்தனையாவது அடுக்கு என்பது. `ea` என்பது `a`-க்குள் இருப்பது எத்தனையாவது அடுக்கு என்பது. கடைசிப் பத்தியில் இருப்பது `n`-இல் இன்னும் மிச்சம் உள்ளது.

```
bit   r    er    a    ea    n
1     7     1   49     2   38
0     7     1   78     4   19
1    41     5   24     8    9
1    75    13   71    16    4
0    75    13   92    32    2
0    75    13   81    64    1
1    15    77   97   128    0
```

எந்த வரியை வேண்டுமானாலும் எடுத்து `er + ea × n` போட்டுப் பாருங்கள். முதல் வரியில் 1 + 2 × 38 = 77. மூன்றாவதில் 5 + 8 × 9 = 77. ஐந்தாவதில் 13 + 32 × 2 = 77. கடைசி வரியில் `n` பூஜ்யமாகிவிட்டதால் `er` மட்டும் தனியாக 77. இந்தக் கூட்டுத்தொகை ஒரு சுற்றிலாவது மாறினால் பிழை அந்தச் சுற்றில்தான் நுழைந்தது என்று அர்த்தம். நிரலில் இதைச் சேர்க்க அதிக வேலை இல்லை. `N`-இல் முதலில் வந்த அடுக்கைப் போட்டு, `er = 0`, `ea = 1` என்று தொடங்கி, `r`, `a` மாறும் அதே இடத்தில் இவற்றையும் மாற்றினால் போதும்:

```python
        if n & 1:
            r, er = r * a % m, er + ea
        a, ea = a * a % m, ea * 2
        n >>= 1
        assert er + ea * n == N
```

விடை மட்டும் கையில் இருக்கிறது, நிரலைத் திறந்து பார்க்க நேரமில்லை என்றால் பைத்தானிடம் இப்படிக் கேட்கலாம்:

```python
[e for e in range(100) if pow(7, e, 101) == 23]
```

23-க்கு இது `[54]` என்று சொல்லும். சரி, இனி அறிகுறிகளைப் பார்க்கலாம்.

அறிகுறி: 15-க்குப் பதில் 23 வருகிறது

15-ஐ வர்க்கப்படுத்தினால் 225. அதில் 202 போனால் 23. ஆக வந்திருப்பது சரியான விடையின் வர்க்கம். அடுக்கின் கணக்கில் சொன்னால் 77-க்குப் பதில் 154 கணக்கிடப்பட்டிருக்கிறது. மேலே பைத்தான் சொன்ன 54 என்பதும் இதுதான், நூறைக் கழித்துவிட்டுச் சொல்கிறது.

அடுக்கு சரியாக இரட்டித்திருந்தால் வர்க்கப்படுத்தும் வரியும் பெருக்கும் வரியும் இடம் மாறியிருக்கின்றன. `a = a * a % m` என்ற வரி `if`-க்கு மேலே போய்விட்டால் முதல் பிட்டைப் பார்க்கும்போதே `a`-க்குள் 7-க்குப் பதில் 49 உட்கார்ந்திருக்கும். அதன்பின் ஒவ்வொரு பிட்டுக்கும் உரிய எடை 1, 4, 8, 64 என்று இல்லாமல் 2, 8, 16, 128 என்று இரு மடங்காகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இடமிருந்து வலமாகப் போகும் முறையிலும் இதே தவறு இதே 23-ஐத்தான் தரும். அங்கே முதலில் `r`-ஐ வர்க்கப்படுத்த வேண்டும், பிறகு பிட் 1 என்றால் 7-ஆல் பெருக்க வேண்டும். இதை மாற்றிப் பெருக்கிவிட்டு வர்க்கப்படுத்தினால் கடைசிச் சுற்றில் தேவையில்லாமல் ஒரு வர்க்கம் கூடிவிடும். ஆகவே 23-ஐப் பார்த்ததும் எந்தத் திசை என்று யோசிக்க வேண்டாம், இரண்டு வரியின் வரிசையை மட்டும் பாருங்கள்.

அறிகுறி: 2 வருகிறது

மீதி 2 தரும் அடுக்கு 89. அதாவது 1001101-ஐத் திருப்பிப் படித்திருக்கிறீர்கள்.

இது இடமிருந்து வலமாகப் போகும் முறையில்தான் வரும், காரணமும் எளிது. 77-ஐ இரண்டால் வகுத்து வகுத்து மீதியைச் சேகரித்தால் முதலில் கிடைப்பது கடைசி பிட். சேகரித்த பட்டியல் 1, 0, 1, 1, 0, 0, 1 என்று இருக்கும். அதைத் திருப்பாமல் அப்படியே இடமிருந்து வலமாகப் படித்தால் 89 ஆகிறது. காகிதத்தில் போடும்போது மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள் அல்லவா, நிரலில் மறந்துபோவது அதைத்தான்.

சரியாகப் படித்தால் இடமிருந்து வலமான கணக்கு இப்படிப் போகும். 1 என்ற முதல் பிட்டுக்கு 7 என்று தொடங்குகிறோம். அடுத்து 0, வர்க்கம் மட்டும், 49. மறுபடி 0, 78. அடுத்து 1: 78-இன் வர்க்கத்துக்கு மீதி 24, அதை 7-ஆல் பெருக்கி மீதி எடுத்தால் 67. அடுத்து 1: 67-இன் வர்க்கம் 45 ஆகி, பெருக்கினால் 12. அடுத்து 0: 144-இலிருந்து 43. கடைசி 1: 43-இன் வர்க்கம் 31, பெருக்கினால் 217, மீதி 15. இந்த வழியில் அடுக்கு 1, 2, 4, 9, 19, 38, 77 என்று வளர்கிறது. 77-ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் கிடைக்கும் ஈவுகளைத் தலைகீழாக அடுக்கியது போலத்தான். உங்கள் நிரல் சுற்றுக்குச் சுற்று அச்சிடும் அடுக்கு 1, 2, 5, 11, 22, 44, 89 என்று போனால் பிட்டுகள் திரும்பிவிட்டன.

அறிகுறி: 75 வருகிறது

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 75 என்பது 13-ஆம் அடுக்கு. 77 − 13 = 64, ஆகவே மிக உயர்ந்த பிட் விட்டுப்போயிருக்கிறது என்று உடனே தோன்றும். `while n > 0` என்பதற்குப் பதில் `while n > 1` என்று எழுதினால் அப்படித்தான் ஆகும். மேலே உள்ள அட்டவணையில் கடைசி வரியை அடித்துவிட்டுப் பாருங்கள், `r` 75-இல் நிற்கிறது.

ஆனால் இதே 75-ஐத் தரும் இன்னொரு பிழை இருக்கிறது:

```python
        if n & 1:
            r = r * a % m
        else:
            a = a * a % m
        n >>= 1
```

பிட் 1 என்றால் பெருக்கு, 0 என்றால் வர்க்கப்படுத்து என்று யாரோ வாய்வழியாகச் சொன்னதை அப்படியே எழுதியது போன்ற நிரல். இதில் `er`, `ea` எப்படி நகர்கின்றன என்று பாருங்கள். பிட்டுகள் வலமிருந்து 1, 0, 1, 1, 0, 0, 1. முதல் 1-இல் `er` 1 ஆகிறது. 0-இல் `ea` 2. அடுத்த 1-இல் `er` 3, அடுத்த 1-இல் 5. பிறகு இரண்டு பூஜ்யங்களில் `ea` 4 ஆகி 8 ஆகிறது. கடைசி 1-இல் `er` 5 + 8 = 13. ஆக இங்கேயும் 13-ஆம் அடுக்கு, இங்கேயும் 75. இது 77 என்ற எண்ணுக்கு நேர்ந்த தற்செயல்தான். ஆனால் நானே ஒருமுறை 75-ஐப் பார்த்ததும் லூப்பின் நிபந்தனையில்தான் தப்பு என்று அடித்துச் சொல்லிவிட்டு, அது `n > 0` என்று சரியாகவே இருப்பதைப் பார்த்து முழித்திருக்கிறேன்.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெருக்கல்களின் எண்ணிக்கை. மேலே நான் எழுதிய சரியான நிரல் 77-க்கு 7 முறை வர்க்கப்படுத்துகிறது, 4 முறை பெருக்குகிறது, மொத்தம் 11. `else` போட்ட நிரலில் பூஜ்யங்கள் மூன்றுதான் என்பதால் வர்க்கம் 3, பெருக்கல் 4, மொத்தம் 7. பிட்டுகளைப் பார்த்து நடக்கும் இந்த முறையில் ஏழு பிட்டுள்ள அடுக்குக்கு ஆறு வர்க்கத்துக்குக் குறைவாக வந்தாலே ஏதோ தப்பு என்று முடிவு கட்டிவிடலாம். அடுக்கு 1-இலிருந்து 64-ஐ எட்டவே ஆறு முறை இரட்டிக்க வேண்டும் அல்லவா?

`while n > 1` பிழையில் எண்ணிக்கை 6 வர்க்கம், 3 பெருக்கல், மொத்தம் 9. இந்த 9-ஐ நம்பி ஏமாறக் கூடாது. ஏனென்றால் பெருக்கல்களின் எண்ணிக்கைக்கு நான் பின்னால் சொல்லப்போகும் பாடப்புத்தகச் சூத்திரமும் 77-க்கு 9 என்றுதான் சொல்லும். எண்ணிக்கை சரி, விடை தப்பு என்று குழம்பத் தோன்றும். உண்மையில் இந்த நிரல் வீணான கடைசி வர்க்கத்தோடு சேர்த்து, தேவையான கடைசிப் பெருக்கலையும் விட்டுவிட்டது. 11-இல் இரண்டு குறைந்து 9. சூத்திரத்தின் 9-ஓடு இது ஒத்துப்போவது வெறும் பொருத்தம்தான். எந்த நிரலை எண்ணுகிறோமோ அந்த நிரலின் எதிர்பார்ப்போடுதான் ஒப்பிட வேண்டும்.

அறிகுறி: சின்ன எண்களுக்குச் சரி, பெரிய எண்களுக்கு உளறுகிறது

7, 77, 101 சோதனை தேறிவிட்டது. ஆனால் மாடுலோவாக, அதாவது வகுக்கும் எண்ணாக, 1000000007 போட்டால் தப்பு வருகிறது, சில நேரம் மைனஸ் எண்கூட வருகிறது. `er + ea × n` கூட்டுத்தொகையோ ஒரு சுற்றிலும் பிசகவில்லை. அப்படியென்றால் பிட்டுகளைக் கையாளும் பகுதி சரி, பெருக்கலே உடைகிறது.

101-க்கு மீதிகள் 100-ஐத் தாண்டாது, பெருக்குத்தொகை 10,000-ஐத் தாண்டாது. அதனால் எண் தன் பெட்டிக்குள் அடங்காமல் வழிவதை இந்தச் சோதனை ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. 32 பிட் `int`-இல் உச்ச எண் 2,147,483,647. இரண்டு 50,000-ஐப் பெருக்கினாலே 250 கோடி வந்து அதைத் தாண்டிவிடும். ஜாவாவில் அது −1,794,967,296 என்று சுற்றிக்கொண்டு வரும். சி மொழியில் என்ன வரும் என்பதற்கே உத்தரவாதம் கிடையாது.

அதிகம் பார்க்கும் தவறு இது:

```c
long long r = a * a % m;
```

`a`, `m` இரண்டும் `int` என்றால் இடப்பக்கம் `long long` இருப்பதால் எந்தப் பயனும் இல்லை. பெருக்கல் `int`-ஆகவே நடந்து வழிந்து முடிந்த பிறகுதான் விடை பெரிய பெட்டிக்குள் போகிறது. `(long long)a * a % m` என்று பெருக்குவதற்கு முன்பே அகலப்படுத்த வேண்டும்.

64 பிட்டுக்கும் எல்லை உண்டு. குறியுள்ள 64 பிட்டில் இரண்டு மீதிகளின் பெருக்குத்தொகை பத்திரமாக அடங்க வேண்டும் என்றால் மாடுலோ 3,037,000,500-ஐத் தாண்டக் கூடாது. 1000000007 இதற்குள் அடங்கிவிடும். 10^12 அடங்காது. அங்கே ஜிசிசி, கிளாங் என்ற சி தொகுப்பிகள் இரண்டிலும் உள்ள `__int128`-ஐப் பயன்படுத்துவதுதான் எளிய வழி.

ஜாவாஸ்கிரிப்டில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் மைனஸ் எண் எதுவும் வந்து எச்சரிக்காது. சாதாரண எண்கள் 2^53 வரைதான் துல்லியம். அதைத் தாண்டினால் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் மாறிவிடும், 1000000007-க்கே அது நடக்கும். கூடவே `>>` எண்ணை 32 பிட்டாக வெட்டிவிட்டுத்தான் நகர்த்தும். `4294967296 >> 1` என்று போட்டால் 0 வரும், லூப் முதல் சுற்றோடு முடிந்துவிடும். இது பெருக்கலின் பிழை இல்லை என்பதால் `er + ea × n` உடனே பிசகிக் காட்டிவிடும். இரண்டுக்கும் `BigInt`-தான் மருந்து.

வழிதலைப் பிடிக்க வேறு சோதனை வேண்டும். பகா எண் p-ஆல் வகுபடாத எந்த எண்ணையும் p − 1 அடுக்குக்கு உயர்த்தினால் p-ஆல் வகுத்த மீதி 1 என்பது ஃபெர்மாவின் சிறு தேற்றம். ஆகவே 7-ஐ 1000000006 அடுக்குக்கு உயர்த்தி 1000000007-ஆல் வகுத்தால் 1 வர வேண்டும். 64 பிட் முழுவதையும் சோதிக்க 2^61 − 1 என்ற பகா எண்ணை எடுத்து, 7-ஐ 2^61 − 2 அடுக்குக்கு உயர்த்துங்கள். விடை முன்கூட்டியே தெரிந்திருப்பதால் ஒப்பிட இன்னொரு நிரல் தேவையில்லை.

அறிகுறி: விடை சரி, ஆனால் முடியவே மாட்டேன் என்கிறது

தற்சுழற்சியாக எழுதியவர்களிடம் இதைப் பார்க்கலாம்:

```python
def power(a, n, m):
    if n == 0:
        return 1 % m
    if n == 1:
        return a % m
    s = power(a, n // 2, m) * power(a, n // 2, m) % m
    return s * a % m if n & 1 else s
```

77-க்கு 15 வருகிறது. பாதியாகப் பாதியாகப் பிரிக்கிறது, ஆகவே வேகமாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். கவுண்ட்டர் வைத்து எண்ணிப் பாருங்கள்: 76 பெருக்கல்கள். 7-ஐ அதே 7-ஆல் வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போனாலும் 76-தான். ஒன்றுகூட மிச்சமாகவில்லை.

ஏன் என்று யோசித்தால் அழகான பதில் கிடைக்கிறது. இந்த நிரல் எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு பாதியையும் புதிதாகக் கணக்கிடுகிறது. கடைசியில் 77 தனித்தனி ஏழுகளைச் சேர்க்கிறது. ஒவ்வொரு பெருக்கலும் இரண்டை ஒன்றாக்கும், அதாவது எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும். 77-ஐ 1 ஆக்க 76 வேண்டும், எந்த வரிசையில் சேர்த்தாலும் சரி. வேகம் வருவது பாதியாகப் பிரிப்பதால் இல்லை, ஒரு பாதியைக் கணக்கிட்டு அதையே இருமுறை பயன்படுத்துவதால்தான். `h = power(a, n // 2, m)` என்று எடுத்து வைத்துவிட்டு `h * h % m` என்று போட்டால் இதே நிரல் 9 பெருக்கலில் முடிந்துவிடும்.

மெதுவாக ஓடுவதற்கு இன்னொரு காரணம் மீதியைக் கடைசியில் மட்டும் எடுப்பது. பைத்தானில் `pow(7, n) % m` என்று எழுதினால் விடை சரிதான், பெருக்கல்களின் எண்ணிக்கையும் குறைவுதான், ஆனால் பெருக்கப்படும் எண்கள் பூதமாக வளர்கின்றன. 7-இன் 77-ஆம் அடுக்கு 66 இலக்கம். அடுக்கு 100 கோடியைத் தொட்டால் அந்த எண்ணுக்கு ஏறக்குறைய 84 கோடியே 50 லட்சம் இலக்கங்கள் இருக்கும். `pow(7, n, m)` என்று மூன்றாவது எண்ணையும் உள்ளேயே கொடுத்தால் ஒவ்வொரு படியிலும் மீதி எடுக்கப்படும்.

சட்டென்று பார்த்துவிட்டுப் போக வேண்டியவை

விடை 0 வந்தால் `r`-ஐ 0-இல் தொடங்கியிருக்கிறீர்கள். 101 பகா எண், 7 அதனால் வகுபடாது, ஆகவே எந்த அடுக்குக்கும் 0 வரவே முடியாது.

அடுக்கு 101 அல்லது அதற்கு மேல் போகும்போது மட்டும் தப்பு வந்தால், யாரோ அடுக்கையும் 101-ஆல் வகுத்து மீதி எடுத்திருக்கிறார்கள். 105-ஆம் அடுக்குக்கு 41 வர வேண்டும். 105-ஐ 101-ஆல் வகுத்து 4 என்று எடுத்துக்கொண்டால் 78 வரும். அடுக்கைக் குறைக்க 100-ஆல்தான் வகுக்க வேண்டும், அதுவும் மாடுலோ பகா எண்ணாக இருந்து அடிமானம் அதனால் வகுபடாதபோது. இந்த நிரலுக்கு அப்படிக் குறைக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடிமானம் −7 என்றால் விடை 86. சி, ஜாவாவில் `%` குறியை விட்டுவைக்கும், அதனால் −15 வரும். தொடக்கத்தில் `a = (a % m + m) % m` என்று போடுங்கள்.

அடுக்கு மைனஸாக வந்து லூப் நிற்கவே இல்லை என்றால் `while n` என்று எழுதியிருப்பீர்கள். −1-ஐ பைத்தானில் வலப்பக்கம் எத்தனை முறை நகர்த்தினாலும் −1-தான்.

அறிகுறி: விடை சரி, எண்ணிக்கை மட்டும் ஒத்துப்போகவில்லை

சூத்திரப்படி எண்ணிக்கை என்பது பிட்டுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு, அதோடு 1-களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. 77-க்கு ஏழு பிட், அதில் நான்கு 1. ஆக 6 + 3 = 9. நம் நிரல் 11 காட்டுகிறது. அந்தக் கூடுதல் இரண்டு எங்கே என்று அட்டவணையிலேயே தெரியும். முதல் வரியில் 1-ஐ 7-ஆல் பெருக்கியது ஒன்று. கடைசி வரியில் யாருக்கும் தேவையில்லாத 128-ஆம் அடுக்கை, 97-ஐ, கணக்கிட்டது இன்னொன்று. அடுக்கு 1 அல்லது அதற்கு மேல் என்றால் இந்த நிரல் சூத்திரத்தைவிட எப்போதும் இரண்டு கூடத்தான் காட்டும். இது பிழை இல்லை, சரிசெய்யப் போய் `n > 1` என்று மாற்றி 75-ஐ வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே நீளமுள்ள அடுக்குகளுக்கும் எண்ணிக்கை மாறும். 64-க்கு 6 போதும், 127-க்கு 12 வேண்டும். ஆர்எஸ்ஏ குறியாக்கத்தில் பொது அடுக்காக 65537-ஐ வைப்பதற்கு ஒரு காரணம் அதில் இரண்டே 1-கள் இருப்பது, 17 பெருக்கலில் முடிந்துவிடும். இதே குணம் இரகசிய அடுக்கில் தொந்தரவாகிவிடும். நிரல் ஓடும் நேரத்தை அளந்தே 1-களைப் பற்றித் துப்புக் கிடைத்துவிடும் என்று குறியாக்க வல்லுநர் பால் கோச்சர் 1996-இல் காட்டினார். ஆகவே சாவியைக் கையாளும் இடத்தில் மேலே உள்ள பத்து வரியைப் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. யாராவது 77-ஐ 8 பெருக்கலில் முடித்தேன் என்று வந்தால் எண்ணியதில் தப்பு என்று சொல்லிவிட வேண்டாம். அடுக்குகள் 1, 2, 4, 8, 9, 17, 34, 68, 77 என்று போகின்றன. 8-ஓடு 1 சேர்ந்து 9, 9-ஓடு 8 சேர்ந்து 17, அதை இருமுறை இரட்டித்து 68, முன்பு எடுத்து வைத்த 9-ஐச் சேர்த்தால் 77. மீதிகளைப் போட்டுப் பார்த்தால் 7, 49, 78, 24, 67, 93, 64, 56, கடைசியில் 56-ஐ 67-ஆல் பெருக்கி 3752, அதிலிருந்து 3737 போக 15. பிட்டுகளைப் பார்த்து மட்டும் நடக்கும் முறை, இடையில் கிடைத்த 9-ஐ மறுபடி பயன்படுத்தலாம் என்று யோசிப்பதில்லை. சூத்திரத்தின் 9 என்பது அந்த முறைக்கான கணக்கு, 77-க்கான குறைந்தபட்சம் அல்ல.